இரண்டு கயிற்றில் தொங்கும் பலகை: இழுவிசைகளையும் கீலின் எதிர்விசையையும் கண்டுபிடிக்கும் முறை

கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க, மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிறு விட்டு ஒரு பலகையைத் தொங்கவிடுகிறார்கள். பெயின்டர் நட்டநடுவில் நின்றால் இரண்டு கயிறும் சரிபாதியாகத் தாங்கும் என்பதைக் கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம். அவர் ஒரு பக்கமாக நகர்ந்தால் எந்தக் கயிற்றில் எவ்வளவு ஏறும்? எந்த இடத்தைத் தாண்டினால் பலகை கவிழும்? இதற்குத்தான் கணக்கு வேண்டும். இந்தக் கணக்கு பிடிபட்டால், ஒரு கயிற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கீல் வைத்தாலும் அதே முறையில் போட்டுவிடலாம்.

எண்களை முதலில் முடிவுசெய்துகொள்வோம். பலகையின் நீளம் 4 மீட்டர், நிறை 24 கிலோ, முழுக்க ஒரே தடிமன். கயிறுகள் செங்குத்தாகத் தொங்குகின்றன. இடக்கயிறு இடது முனையிலிருந்து 0.5 மீட்டர் தள்ளியும், வலக்கயிறு வலது முனையிலிருந்து 0.5 மீட்டர் தள்ளியும் கட்டப்பட்டுள்ளன. ஆகவே கயிறுகளுக்கு இடையே 3 மீட்டர். 60 கிலோ எடையுள்ள பெயின்டர் இடது முனையிலிருந்து 1.5 மீட்டரில் நிற்கிறார். 15 கிலோ பெயின்ட் வாளி இடது முனையிலிருந்து 3 மீட்டரில் இருக்கிறது. g = 10 என்று வைத்துக்கொண்டால் பலகை 240 நியூட்டன், ஆள் 600 நியூட்டன், வாளி 150 நியூட்டன்.

முதலில் படம்

பலகையை மட்டும் ஒரு கோடாக வரையுங்கள். ஆள், சுவர், மாடி எதுவும் வேண்டாம். பலகையைத் தொட்டுத் தள்ளுவது அல்லது இழுப்பது எதுவோ அதை மட்டும் அம்புக்குறியாகப் போடுங்கள். மேல்நோக்கி இரண்டு அம்புகள்: இடக்கயிற்றின் இழுவிசை T₁, வலக்கயிற்றின் இழுவிசை T₂. கீழ்நோக்கி மூன்று: ஆள், வாளி, பலகையின் சொந்த எடை.

புதிதாகக் கற்பவர்கள் மறப்பது இந்தக் கடைசி அம்பைத்தான். பலகை சீரானது என்று கேள்வியில் சொல்லியிருப்பது அதற்காகவே: மொத்த எடையும் பலகையின் நடுப்புள்ளியில் இறங்குவதாக எடுத்துக்கொள்ளலாம். நடு என்றால் பலகையின் நடு. கயிறுகளின் நடு அல்ல. நம் எடுத்துக்காட்டில் இரண்டும் ஒரே இடத்தில் வந்துவிட்டதால் வித்தியாசம் தெரியாது. ஒரு கயிறு முனையிலும் மற்றது முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியும் இருந்தால், இரண்டையும் குழப்பியவருக்கு விடை தவறிவிடும்.

படத்திலேயே ஒவ்வோர் அம்புக்கும் இடது முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதிவிடுங்கள்: T₁ 0.5, ஆள் 1.5, பலகையின் எடை 2, வாளி 3, T₂ 3.5. தூரங்களை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

எந்தப் புள்ளியைச் சுற்றி?

பலகை அசையாமல் நிற்க இரண்டு நிபந்தனைகள். மேல்நோக்கிய விசைகளின் கூட்டுத்தொகை கீழ்நோக்கியதற்குச் சமமாக வேண்டும். அடுத்தது, எந்தப் புள்ளியைச் சுற்றிப் பார்த்தாலும் வலஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கும் திருப்புத்திறனும் இடஞ்சுழியாகத் திருப்பப் பார்ப்பதும் சமமாக வேண்டும். திருப்புத்திறன் என்பது விசையை, புள்ளியிலிருந்து அந்த விசையின் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கியது. சில பாடநூல்கள் இதையே திருப்பு விசை என்கின்றன.

‘எந்தப் புள்ளியைச் சுற்றியும்’ என்பதை வசதியாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தெரியாத விசை ஒன்று செல்லும் புள்ளியையே தேர்ந்தெடுத்தால், அதன் தூரம் பூச்சியமாகி அது சமன்பாட்டை விட்டே போய்விடும். ஆகவே இடக்கயிறு கட்டிய புள்ளியை எடுப்போம். T₁ காணாமல் போகிறது. மிஞ்சுவது T₂ மட்டும்.

இப்போது எல்லாத் தூரங்களையும் இடக்கயிற்றிலிருந்து அளக்க வேண்டும். ஆள் 1 மீட்டர், பலகையின் எடை 1.5 மீட்டர், வாளி 2.5 மீட்டர், T₂ 3 மீட்டர்.

T₂ × 3 = 600 × 1 + 240 × 1.5 + 150 × 2.5

T₂ × 3 = 600 + 360 + 375 = 1335

T₂ = 445 நியூட்டன்

மொத்த எடை 600 + 240 + 150 = 990. அதனால் T₁ = 990 − 445 = 545 நியூட்டன். ஆள் இடப்பக்கம் நிற்கிறார், இடக்கயிறு கூடுதலாகத் தாங்குகிறது, எதிர்பார்த்ததுதான்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். T₁ஐக் கழித்தல் மூலம் கண்டுபிடித்ததால், T₂இல் தவறு இருந்தால் அது T₁க்குள்ளும் ஒளிந்துகொண்டு, இரண்டையும் கூட்டும்போது சரியாகவே தெரியும். உண்மையான சரிபார்ப்பு, வலக்கயிற்றைச் சுற்றித் தனியாக ஒரு முறை போடுவதுதான். அங்கிருந்து ஆள் 2 மீட்டர், பலகையின் எடை 1.5, வாளி 0.5. T₁ × 3 = 1200 + 360 + 75 = 1635. T₁ = 545. இப்போது நம்பலாம்.

சரிபார்ப்பு ஒத்துவரவில்லை என்றால் முதலில் தூரங்களைப் பாருங்கள். T₂ 381.4 என்று வந்திருந்தால், 1335ஐ 3ஆல் வகுப்பதற்குப் பதில் 3.5ஆல் வகுத்திருக்கிறீர்கள், மற்ற தூரங்களைக் கயிற்றிலிருந்து அளந்துவிட்டு T₂வை மட்டும் பலகையின் முனையிலிருந்து அளந்த தவறு அது. T₂ 44.5 என்று வந்திருந்தால் கிலோவை நியூட்டனாக மாற்றவில்லை.

ஆள் ஓரத்துக்கு நடந்தால்

வாளியைக் கீழே இறக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பெயின்டர் வலது முனை வரை நடந்து போகிறார். முனை, வலக்கயிற்றுக்கு வெளியே 0.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. வலக்கயிற்றைச் சுற்றிப் பார்த்தால் பலகையின் எடை இடப்பக்கம் 1.5 மீட்டரில் இறங்கி இடஞ்சுழியாகத் திருப்புகிறது. ஆள் வலப்பக்கம் 0.5 மீட்டரில் நின்று வலஞ்சுழியாகத் திருப்புகிறார். கயிற்றைத் தாண்டியதும் அவருடைய திருப்புத்திறனின் திசை மாறிவிட்டது. கூட்டிக்கொண்டிருந்ததை இனிமேல் கழிக்க வேண்டும்.

T₁ × 3 = 240 × 1.5 − 600 × 0.5 = 360 − 300 = 60

T₁ = 20 நியூட்டன். இடக்கயிறு இரண்டு கிலோ எடையை மட்டும் தாங்குவதுபோல் கிட்டத்தட்ட தொளதொளவென்று இருக்கிறது. வலக்கயிறு 840 − 20 = 820 நியூட்டன் தாங்குகிறது. பலகை இன்னும் கவிழவில்லை.

இப்போது அவர் 15 கிலோ வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு அதே முனைக்குப் போகிறார். மொத்தம் 750 நியூட்டன்.

T₁ × 3 = 360 − 750 × 0.5 = 360 − 375 = −15

T₁ = −5 நியூட்டன். கூட்டல் கழித்தலில் தவறு எதுவும் இல்லை. கயிறு பலகையை 5 நியூட்டன் கீழ்நோக்கித் தள்ளினால்தான் பலகை நேராக நிற்கும் என்று சமன்பாடு சொல்கிறது. கயிறு இழுக்க மட்டுமே தெரிந்தது, தள்ளத் தெரியாது. ஆகவே பலகை நேராக நிற்காது: இடக்கயிறு தளர, பலகை வலப்பக்கமாகக் கவிழும். கயிற்றின் இழுவிசை எதிர்க்குறியில் வந்தால் அதை விடையாக எழுதக்கூடாது. ‘இந்த நிலையில் சமநிலை இல்லை’ என்பதே விடை.

கவிழும் இடத்தை நேராகவே கண்டுபிடிக்கலாம். T₁ = 0 என்று வைத்தால் 750 × x = 360, அதாவது x = 0.48 மீட்டர். முனைக்கு 2 சென்டிமீட்டர் உள்ளேயே எல்லை முடிந்துவிடுகிறது. வாளி இல்லாமல் போனால் 360 ÷ 600 = 0.6 மீட்டர்; அது பலகைக்கே வெளியே இருக்கிறது. ஒரு வாளிதான் நிற்பதையும் கவிழ்வதையும் தீர்மானிக்கிறது. இந்தத் தூரத்தில் gக்கு இடமே இல்லை. இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுவிடுகிறது. 9.8 என்று எடுத்தாலும் 0.48தான்.

இதெல்லாம் ஆள் அசையாமல் நிற்கும்போது. காலை ஓங்கி வைத்தாலோ குனிந்து நிமிர்ந்தாலோ அந்த நொடியில் பலகையை அவர் அழுத்தும் விசை தன் எடையைவிடக் கூடும். 20 நியூட்டன் மீதம் இருக்கிறதே என்று எந்த மேஸ்திரியும் ஆளை ஓரத்தில் நிற்கவிட மாட்டார்.

ஒரு கயிற்றுக்குப் பதில் கீல்

கடைவாசலில் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சட்டம், அதில் பெயர்ப்பலகை தொங்குகிறது. சட்டத்தின் சுவர்ப்பக்க முனையில் கீல். வெளிமுனையிலிருந்து ஒரு கயிறு சாய்வாக மேலே போய்ச் சுவரில் கட்டப்பட்டிருக்கிறது. சட்டம் கிடையாக நிற்கிறது, சீரானது; நீளம் 2 மீட்டர், எடை 80 நியூட்டன். பெயர்ப்பலகை 200 நியூட்டன், கீலிலிருந்து 1.5 மீட்டரில் தொங்குகிறது. கயிறு சட்டத்தோடு 30° கோணம்.

கீலின் எதிர்விசை எந்தத் திசையில் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. செங்குத்துக் கயிறு என்றால் இழுவிசை மேல்நோக்கித்தான். கீல் அப்படியல்ல, எந்தப் பக்கமும் தள்ளும், இழுக்கும். அதனால் அதை இரண்டு துண்டாக எழுத வேண்டும்: சுவரிலிருந்து வெளிப்புறமாக Hx, மேல்நோக்கி Hy. ‘எதிர்விசை சுவருக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும்’ என்று நினைத்து Hyயை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. வழுவழுப்பான சுவரில் சும்மா முட்டி நிற்கும் சட்டத்துக்கு அது சரி. கீலுக்குச் சரியல்ல.

இப்போது தெரியாதவை மூன்று: T, Hx, Hy. கிடைவிசைகளும் வந்துவிட்டதால் அவையும் சமமாக வேண்டும், ஆகவே சமன்பாடுகளும் மூன்று. Hx, Hy இரண்டும் கீல் வழியாகப் போவதால் கீலைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் இரண்டும் ஒரே அடியில் போய்விடும்.

கயிறு சாய்ந்திருப்பதால் அதன் செங்குத்துக் கூறு T sin 30° மட்டுமே சட்டத்தைத் திருப்பும். கிடைக்கூறு சட்டத்தின் நீளவாக்கில், கீலை நோக்கியே போவதால் திருப்பாது.

T × sin 30° × 2 = 80 × 1 + 200 × 1.5 = 380

T = 380 நியூட்டன்

sinஆ cosஆ என்று சந்தேகம் வந்தால் கயிற்றை மனதுக்குள் சாய்த்துப் பாருங்கள். கோணம் பூச்சியமானால் கயிறு சட்டத்தோடு ஒட்டிப் படுத்துவிடும். அது சட்டத்தைத் தூக்கவே முடியாது. பூச்சியத்தில் பூச்சியமாவது sin. கோணத்தைச் சுவரோடு அளந்து கொடுத்திருந்தால் இதே சோதனை cosஐக் காட்டும்.

கிடைத்திசையில்: Hx = 380 × cos 30° ≈ 329 நியூட்டன். கயிறு சட்டத்தைச் சுவரை நோக்கி இழுக்கிறது, கீல் வெளியே தள்ளுகிறது.

செங்குத்தாக: Hy = 280 − 380 × 0.5 = 280 − 190 = 90 நியூட்டன்.

இரண்டையும் சேர்த்தால் √(329² + 90²) ≈ 341 நியூட்டன். திசைக்கு 90 ÷ 329 ≈ 0.274, அதாவது சட்டத்துக்கு மேலே சுமார் 15°. கேள்வி ‘கீலின் எதிர்விசை என்ன’ என்று கேட்டால் அளவு, திசை இரண்டையும் எழுத வேண்டும்.

இதற்கும் தனியான சரிபார்ப்பு உண்டு. கயிறு கட்டிய வெளிமுனையைச் சுற்றிப் போடுங்கள். T போய்விடும், Hxஉம் போய்விடும். Hy × 2 = 80 × 1 + 200 × 0.5 = 180. Hy = 90.

இந்தச் சரிபார்ப்பில் கயிற்றின் கோணம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கயிற்றை 30°இலிருந்து 15°க்குத் தாழ்த்திக் கட்டினாலும் Hy அதே 90தான். ஆனால் T = 380 ÷ (2 × 0.2588) ≈ 734 நியூட்டன், Hx ≈ 709 நியூட்டன். சுவரில் கீழே ஆணியடித்தால் வேலை சுலபம் என்று நினைப்பவர், கயிற்றின் மேலும் கீலின் மேலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாரம் ஏற்றுகிறார்.

வரைந்து சரிபார்க்கப் பிடிப்பவர்களுக்கு இன்னொரு வழி. இரண்டு எடைகளையும் ஒன்றாக்கினால் 280 நியூட்டன், கீலிலிருந்து 380 ÷ 280 ≈ 1.357 மீட்டரில் இறங்கும். இப்போது சட்டத்தின் மேல் மூன்றே விசைகள். ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத மூன்று விசைகள் சமநிலையில் இருந்தால் அவற்றின் கோடுகள் ஒரே புள்ளியில் வெட்ட வேண்டும். 1.357 மீட்டரில் கயிறு சட்டத்துக்கு மேலே 0.643 × tan 30° ≈ 0.371 மீட்டரில் இருக்கிறது. கீலிலிருந்து புறப்படும் எதிர்விசைக் கோடு அதே இடத்தில் 1.357 × 0.2735 ≈ 0.371 மீட்டர் உயரத்தில் போகிறது. அளவுகோல் வைத்து வரைந்தால் கண்ணிலேயே தெரியும்.

கயிற்றை முனையில் கட்டாமல் கீலிலிருந்து 1.2 மீட்டரில் அதே 30°இல் கட்டினால் T × 0.5 × 1.2 = 380, T ≈ 633 நியூட்டன். அதன் செங்குத்துக் கூறு 317. மொத்த எடையோ 280தான். Hy = 280 − 317 = −37. கயிற்றுக்கு எதிர்க்குறி வந்தபோது சமநிலையே இல்லை என்றோம். இங்கே அப்படியல்ல. கீலால் கீழ்நோக்கியும் இழுக்க முடியும், ஆகவே −37 சரியான விடையே: கீல் சட்டத்தைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. கீலில்லாமல் சட்டத்தின் முனையை ஒரு தாங்கியின் மேல் சும்மா வைத்திருந்தால் அந்த முனை மேலே எழும்பிவிடும்.

கீலும் இரண்டு கயிறும் சேர்ந்தால்

அதே சட்டம், அதே பெயர்ப்பலகை. இப்போது கீலிலிருந்து 1 மீட்டரில் ஒன்று, 2 மீட்டரில் ஒன்று என இரண்டு செங்குத்துக் கயிறுகள். கிடைவிசை எதுவும் இல்லாததால் Hx = 0. மீதி T₁, T₂, Hy என மூன்று, சமன்பாடுகள் இரண்டே. T₁ + 2T₂ = 380 என்பதோடு நின்றுவிடும். எந்தப் புள்ளியைச் சுற்றிப் போட்டாலும் புதிதாக எதுவும் கிடைக்காது, பழையதே வேறு உருவில் வரும். பக்கம் பக்கமாகப் போட்டும் 0 = 0 என்று வந்து நின்றால் காரணம் இதுதான்.

மூன்றாவது செய்தி கயிறு நீளும் அளவிலிருந்து வர வேண்டும். சட்டம் வளையாதது, இரண்டும் ஒரே வகை, ஒரே நீளக் கயிறுகள், பாரம் ஏறும் முன் இரண்டும் தளர்வில்லாமல் இருந்தன என்று கொள்வோம். சட்டம் கீலைச் சுற்றித் துளி இறங்கினால், இருமடங்கு தூரத்தில் உள்ள கயிறு இருமடங்கு நீளும்; T₂ = 2T₁. ஆகவே 5T₁ = 380, T₁ = 76, T₂ = 152, Hy = 280 − 228 = 52 நியூட்டன்.

இந்த விடை கட்டும் கையைப் பொறுத்தது. கயிறு 1 மில்லிமீட்டர் நீள 38 நியூட்டன் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கயிற்றை 4 மில்லிமீட்டர் மட்டும் தளர்வாகக் கட்டிவிட்டால், உள்கயிறு d மில்லிமீட்டர் நீளும்போது வெளிக்கயிறு 2d − 4 மட்டுமே நீளும். 38d + 2 × 38(2d − 4) = 380; d = 3.6. உள்கயிற்றில் 136.8, வெளிக்கயிற்றில் 121.6, கீலில் 21.6 நியூட்டன். நான்கு மில்லிமீட்டர் தளர்வில் எந்தக் கயிறு கூடுதலாகத் தாங்குகிறது என்பதே தலைகீழாகிவிட்டது.

தேர்வுத்தாளில் இந்த அமைப்பு வந்தால் மூன்றாவது செய்தியைக் கேள்வியிலேயே தேடுங்கள். இழுவிசைகளின் விகிதம் கொடுத்திருப்பார்கள், அல்லது ஒரே கயிறு உராய்வில்லாத கப்பிகளின் மேல் போய் இரண்டு இடத்திலும் கட்டப்பட்டிருக்கும். கப்பி என்றால் இரண்டு பக்கமும் ஒரே T: T + 2T = 380, T ≈ 126.7 நியூட்டன், Hy ≈ 26.7 நியூட்டன்.